பெயரில் ஒரு பிழை, கையில் ஒரு மணி நேரம்

மே மாதக் கடைசி வாரம் பணி நிறைவுப் பாராட்டு விழாக்கள் குவியும் நேரம். அப்படி ஒரு வாரத்தில் எங்கள் ஃபிளெக்ஸ் கடையில் ஒரே நாளில் ஆறு பேனர்கள் அடித்தோம். அதில் ஒன்று, திண்டுக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் ஓய்வு பெறும் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியைக்கானது. கல்யாண மண்டப மேடையில் பின்னால் கட்டுவது. 12 அடி அகலம், 8 அடி உயரம். நடுவில் மெரூன் பட்டை, அதில் மஞ்சள் எழுத்தில் டீச்சரின் பெயர்.

எங்களிடம் டிசைனராகச் சேர்ந்து எட்டு மாதமான தம்பி காலை 9.20க்கு மண்டபத்துக்குப் போனான். கட்டிய பேனரைப் படம் எடுத்து வருவது எங்கள் கடை வழக்கம். படம் எடுக்கப் போனை உயர்த்தியவன் அப்படியே நின்றுவிட்டான். மேடை ஓரத்து மேசையில் நினைவுப் பரிசு இருந்தது. அதில் "சண்முகவள்ளி". மேடையில் 7 அங்குல எழுத்தில் "சண்முகவல்லி". விழா 10.30க்கு.

(டீச்சரின் பெயரை மாற்றியிருக்கிறேன். பிழையின் வகையை மாற்றவில்லை.)

10.19க்கு அந்தப் பெயர் சரியாகிவிட்டது. மண்டபத்தில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். தவறவிட்ட ஒன்றையும் சொல்கிறேன். இப்படி ஒரு காலை உங்களுக்கு வந்தால் இதே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிழை எப்படி உள்ளே வந்தது

ஆர்டர் கொடுத்த ஆசிரியர் விவரத்தை வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்பியிருந்தார். ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்று. ணகரம், னகரம், நகரம் மூன்றும் ஒன்று. ரகர றகரமும் அப்படித்தான். எது என்பதைத் தட்டச்சு செய்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் தட்டச்சு செய்தவர் கோமளவல்லி, மரகதவல்லி என்று நிறைய அடித்தவர். கை அந்தப் பக்கம் போய்விட்டது. வல்லி என்றால் கொடி, அதுவும் நல்ல பெயர்தான். சண்முகவல்லி என்றே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வகைப் பிழை கண்ணில் குத்துவதில்லை. "சன்முகம்" என்று விழுந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். "வல்லி" எல்லோரையும் தாண்டி வந்துவிட்டது. மாதிரிப் படம் அனுப்பி, கட்டைவிரல் பதிலும் வாங்கியிருந்தோம். 12 அடிப் பேனரைக் கை அகலத் திரையில் பார்த்தால் முகமும் நிறமும்தான் தெரியும், ளகரம் தெரியாது.

இதற்கு ஒரே மருந்து: பெயரை மட்டும் தமிழில் கையால் எழுதிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். எந்த எழுத்து சரி என்று அகராதியோ இலக்கணமோ தீர்க்காது. அந்த மனிதர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அதுதான் சரி.

கண்டதும் முதல் ஐந்து நிமிடம்

பிழையைக் கண்டதும் கை பேனரின் கயிற்றுக்குப் போகும். போக விடாதீர்கள். அவிழ்த்தால் மறுபடி விறைப்பாகக் கட்ட அரை மணி நேரம் ஆகும். அதோடு மண்டபம் முழுக்க விஷயம் தெரிந்துவிடும்.

1. சரியான எழுத்தை இரண்டு இடத்தில் உறுதி செய்யுங்கள். தம்பி நினைவுப் பரிசில் பார்த்ததை மட்டும் நம்பவில்லை. அதையும் எங்களைப் போல யாரோ ஊகித்து அடித்திருக்கலாம் அல்லவா? வரவேற்பு மேசையில் இருந்த பழைய பள்ளி ஆண்டு மலரில் டீச்சரின் கையெழுத்தோடு வாழ்த்துரை இருந்தது. அதில் ளகரம். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தான்.

2. முழுப் பேனரையும் ஒரு முறை விரல் வைத்துப் படியுங்கள். ஒரு பிழை இருந்த இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். தலைப்பெழுத்து, பட்டம், ஊர்ப்பெயர், தேதி, கிழமை. இரண்டு தடவை ஸ்டிக்கர் ஒட்ட நேரம் இருக்காது.

3. பட்டையை அளந்து படம் எடுங்கள். அளவு நாடா இல்லாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பட்டைமேல் பிடித்துப் படம் எடுத்தாலும் போதும். தம்பி மைக் செட்காரரிடம் அளவு நாடா வாங்கினான். பட்டை 7 அடி நீளம், 14 அங்குல உயரம்.

4. பேனருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுவரா, ஜன்னலா? ஜன்னல் என்றால் வெளிச்சம் ஃபிளெக்ஸ் வழியாக ஊடுருவும். ஒட்டியதற்கு அடியில் பழைய எழுத்து நிழலாகத் தெரியும். அங்கே இரண்டு ஜன்னல்கள் இருந்தன.

5. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். ஆர்டர் கொடுத்தவரிடம்.

இந்த ஐந்தாவதில் பலர் தடுமாறுகிறார்கள். சத்தமில்லாமல் திருத்துவது என்றால் யாருக்கும் சொல்லாமல் திருத்துவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் கொடுத்தவருக்குத் தெரியாமல் மேடை ஏறினால், பாதி வேலையில் அவரே வந்து "என்னப்பா பண்ற?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். தம்பி அவரைத் தனியாக அழைத்துச் சொன்னது இவ்வளவுதான்: "சார், டீச்சர் பேர்ல ஒரு எழுத்து தப்பா விழுந்திருக்கு. எங்க தப்பு. பத்தே காலுக்குள்ள மாத்திடுறேன். வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். டீச்சர் காதுக்குப் போகவேண்டாம்."

ஆங்கிலத்தில் அனுப்பியது அவர், மாதிரிக்குச் சரி சொன்னதும் அவர். அதை அங்கே எடுக்காமல் இருந்தானே, அதுதான் எனக்குப் பிடித்தது. யார் தவறு என்று பேச 10 நிமிடம் ஆகியிருக்கும். அந்த 10 நிமிடம் எங்களிடம் இல்லை.

9.26க்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணே, மெரூன் பட்டை மட்டும் ஸ்டிக்கர்ல வேணும். முழுப் பட்டையும். ஏழு அடி, பதினாலு அங்குலம். பின்னாடி ஜன்னல் இருக்கு. வள்ளிக்கு ளகரம், ரெண்டு எடத்துலயும்." ஒரே மூச்சில் எனக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது.

ஏன் முழுப் பட்டை?

தவறு இரண்டு எழுத்தில்தானே, அதை மட்டும் ஒட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். மூன்று காரணங்களால் கூடாது.

முதலில் அகலம். பெரும்பாலான எழுத்துருக்களில் ள, ல இரண்டும் ஒரே அகலம் இல்லை. ன, ண இன்னும் மோசம்; மூன்று சுழி இரண்டு சுழி இடத்தில் அடங்காது. நெருக்கி ஒட்டினால் அந்த இடம் மட்டும் பிதுங்கித் தெரியும்.

அடுத்தது நிறம். ஒரே மெஷினில், ஒரே கோப்பில் அடித்தாலும் ஃபிளெக்ஸில் விழும் மெரூனும் ஸ்டிக்கர் வினைலில் விழும் மெரூனும் ஒன்றாக இருக்காது. வினைல் வழவழப்பு, நிறம் ஆழமாக விழும். சிறு சதுரமாக ஒட்டினால் அந்தச் சதுரம்தான் முதலில் கண்ணுக்குப் படும். முழுப் பட்டையையும் மாற்றினால் பட்டையே சற்று ஆழமான மெரூன் என்று போய்விடும். ஒட்டின் ஓரமும் பட்டையின் ஓரத்தோடு சேர்ந்து மறைந்துவிடும்.

மூன்றாவது, சிறு துண்டை நேராக ஒட்டுவது பெரிய துண்டை ஒட்டுவதைவிடக் கடினம். 3 அங்குலத் துண்டு இம்மி சாய்ந்தாலும் எழுத்து தள்ளாடும்.

பெயர் பட்டையில் இல்லாமல் ஒரு படத்தின் மேலோ, நிறம் மாறிக்கொண்டே போகும் பின்னணியிலோ இருந்தால் பொருத்திப் பார்க்க முயலாதீர்கள். அங்கே வேறு நிறத்தில் ஒரு பட்டையைப் புதிதாகவே போட்டு, அதில் பெயரை அடித்து ஒட்டுங்கள். டிசைனில் முதலிலிருந்தே இருந்ததுபோல அமர்ந்துவிடும்.

கடையில் செய்ய வேண்டியது

1. திருத்தக்கூடிய கோப்பைத் திறக்கவும். மெஷினுக்கு அனுப்பும் முன் கோரல் டிராவில் எழுத்துகளை `Ctrl+Q` கொடுத்து வளைகோடுகளாக மாற்றுவோம். மாற்றிய பிறகு அது எழுத்து இல்லை, வெறும் வடிவம்; ளகரத்தைத் தட்டச்சு செய்ய முடியாது. அதனால் மாற்றுவதற்கு முந்தைய கோப்பை வேறு பெயரில் சேமித்து வைப்பது கட்டாயம். எங்களிடம் இருந்தது. இல்லாவிட்டால் எழுத்துருவைத் தேடிப் புதிதாக அமைக்கவே 20 நிமிடம் போயிருக்கும்.

2. பெயரைத் திருத்தவும். அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் தட்டச்சு இப்படி:

```
rz;Kfty;yp   (தவறு)
rz;Kfts;sp   (சரி)
```

`y` லகரம், `s` ளகரம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரையில் இந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பதறாதீர்கள், எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். அந்த நிலையில் மட்டும் எதையும் திருத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாததைத் திருத்தி இன்னொரு பிழையோடு போகக் கூடாது.

3. அளவு விகிதத்தைப் பார்க்கவும். பல கடைகளில் அடிக்கு ஓர் அங்குலம் என்று கோப்பு போடுவோம். 12 அடிப் பேனர் கணினியில் 12 அங்குலம். அடிக்கும்போது 1200 சதவீதம் பெரிதாக்க வேண்டும். அவசரத்தில் இதை மறந்து, 7 அடிக்குப் பதிலாக 7 அங்குலத்தில் பட்டை வெளியே வந்த கதை எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரிடமும் ஒன்று உண்டு. அடிக்கக் கொடுக்கும் முன், மண்டபத்திலிருந்து வந்த அளவையும் மெஷின் திரையில் தெரியும் அளவையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

4. சரியான வினைலை எடுக்கவும். சாதாரண வெள்ளை வினைலில் பின்வெளிச்சம் ஊடுருவும். பசைப் பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும் வினைல் அதைத் தடுக்கும். பின்னால் ஜன்னல் என்று தம்பி சொல்லியிருந்ததால் அதைத்தான் போட்டேன். அது கடையில் இல்லாதவர்கள் முதலில் அச்சடிக்காத வெள்ளைத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் அச்சடித்ததை ஒட்டலாம்.

5. இரண்டு பிரதி அடிக்கவும். 4 அடி அகல ரோலில் 14 அங்குலப் பட்டை இரண்டு அருகருகே அடங்கும். ஒன்று சுருங்கிப் பாழானாலும் இன்னொன்று இருக்கும். அந்தத் தைரியத்தில் கை நடுங்காது.

6. மை காய விடவும். அடித்தவுடன் வினைல் காய்ந்ததுபோலத் தெரியும். விரலால் அழுத்தித் தேய்த்தால் ஈஷிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் கரைப்பான் முழுதாக ஆவியாக மணிக்கணக்கில் ஆகும். நமக்கு அவ்வளவு நேரம் இல்லை. மின்விசிறிக்கு நேரே 10 நிமிடமாவது விரித்து வையுங்கள். பிறகு அச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி ஒரு குழாயில் சுற்றுங்கள். மடிக்கவே கூடாது, மடித்த கோடு ஒட்டிய பிறகும் போகாது.

9.57க்குச் சுற்றிய பட்டை பைக்கில் கிளம்பியது. 10.07க்கு மண்டபம்.

காத்திருந்த நேரத்தில்

இந்த நேரத்தைத் தம்பி வீணாக்கவில்லை. ஏணி எங்கே என்று மண்டப வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கி, மேடையின் ஓரத்தில் சாய்த்து வைத்தான். பட்டைமேல் படிந்த தூசியைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தான். தூசியின்மேல் ஒட்டினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், பேனரை அல்ல. போட்டோ எடுக்க வந்தவரிடம், "அண்ணே, மேடைய மட்டும் பத்தேகாலுக்கு மேல எடுங்கண்ணே, பேனர் கயிறு இழுத்துக் கட்டணும்" என்று சொல்லி வைத்தான். கயிறும் தளர்ந்துதான் இருந்தது, அதையும் இழுத்துக் கட்டினான். மேடையில் ஏணியோடு ஒருவன் நிற்பதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒட்டும் முறை

தொங்கும் பேனரில் ஸ்டிக்கர் ஒட்டுவதில் உள்ள சிக்கல் ஒன்றுதான்: பின்னால் பிடிமானம் கிடையாது. அழுத்தினால் ஃபிளெக்ஸ் உள்ளே போகும், ஸ்டிக்கர் சுருங்கும். பின்பக்கம் ஒருவர் பலகை பிடிக்க வேண்டும். ஆசிரியர்கள் கூடியிருந்த மண்டபம் என்பதால் பரீட்சை அட்டை உடனே கிடைத்தது. மைக் செட்காரர் பேனருக்குப் பின்னால் நின்று அட்டையைப் பிடித்தார். விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் அவர்தான்.

1. பின்தாளை மட்டும் நடுவில் மேலிருந்து கீழாக மேசைமேல் வைத்துக் கீறிவிட்டு, உரிக்காமல் பட்டையைப் பேனர்மேல் வைத்துப் பொருத்தவும். மேல் ஓரத்தை மூன்று இடத்தில் செல்லோ டேப்பால் பிடிக்கவும். 5 அடி பின்னால் போய் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும். திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

2. நடுவில் மேலிருந்து கீழாக இன்னொரு டேப் போட்டு இறுக்கவும். இனி இடது பாதி, வலது பாதி என்று இரண்டு வேலை.

3. இடது பாதியின் மேல் டேப்பை எடுத்து, பின்தாளை நடுவிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் உரித்து மடித்துவிடவும். முழுத்தாளையும் ஒரேயடியாக உரிப்பதுதான் பெரிய தவறு. 7 அடிப் பசை காற்றில் ஆடி, தன்மேலேயே ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

4. பழைய ஏ.டி.எம். அட்டையை மெல்லிய துணியில் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தேய்க்கவும். பின்னால் இருப்பவர் பரீட்சை அட்டையை உங்கள் கையோடு கூடவே நகர்த்த வேண்டும். தேய்த்துக்கொண்டே பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உரிக்கவும். துணி சுற்றாமல் தேய்த்தால் முழுதாகக் காயாத மையில் கோடு விழும்.

5. வலது பாதிக்கும் இதே. கடைசியில் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் 10 எண்ணும்வரை அழுத்தவும்.

காற்றுக் குமிழி வந்தால் உரிக்காதீர்கள். குண்டூசியால் குமிழியின் ஓரத்தில் ஒரு குத்து, பிறகு விரலால் காற்றை அந்தத் துளைப் பக்கம் தள்ளுங்கள். சிறு குமிழிகளை விட்டுவிடலாம். முதல் வரிசை நாற்காலியிலிருந்து அவை தெரியாது.

வேலைக்கு 12 நிமிடம் ஆனது. 10.19.

கடை தூரமாக இருந்தால்

எங்களுக்கு 10 நிமிடப் பயணத்தில் கடை இருந்தது. இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள்.

புள்ளி மட்டும் விட்டுப் போயிருந்தால் அதே நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் தாளோ வண்ணத் தாளோ போதும். சிறிய எழுத்துக்குக் காகிதத் துளைப்பான் வெட்டும் வட்டம், பெரிய எழுத்துக்கு ஒரு நாணயத்தை வைத்து வரைந்து வெட்டிய வட்டம். வேறு எழுத்தின் புள்ளியைப் பார்த்து அளவு எடுங்கள். வேண்டாத இடத்தில் புள்ளி விழுந்திருந்தால் பின்னணி நிறத்தில் ஒரு வட்டம்.

எழுத்தே மாறியிருந்தால் பெயர் வரி முழுவதையும் வண்ணச் சார்ட் தாளால் மூடி, நல்ல கையெழுத்து உள்ள ஒருவரைப் பெரிதாக எழுதச் சொல்லி, இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். கையால் எழுதிய பெயர் பளிச்சென்று நன்றாகவே இருக்கும். மார்க்கரால் லகரத்தை ளகரமாக இழுத்து வைப்பது மட்டும் வேண்டாம். நிறம் சேராது, முன்பு கவனிக்காதவரும் அதைக் கவனிப்பார்.

தின்னர் வேண்டாம், ஏணியில் கவனம்

எழுத்தைத் தின்னர் போட்டு அழிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மை கரைந்து சுற்றிலும் பரவும், ஃபிளெக்ஸின் மேற்பரப்பும் கெடும். அதைவிட, மேடையில் குத்துவிளக்கு ஏற்றப் போகிறார்கள். தின்னர் நனைத்த துணியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறாதீர்கள். ஏணியின் அடியை ஒருவர் பிடிக்காமல் ஏறாதீர்கள். பேனர் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கட்டியிருந்தால், சீரியல் விளக்கு வயர் அதில் சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள். பிளேடு வேலை முழுவதும் மேசைமேல்தான். பேனர்மேல் வைத்து வெட்டினால் இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸ் அந்தக் கீறலிலிருந்து கிழிந்துகொண்டே போகும்.

சாலையோரத்தில் நிற்கும் பேனர் என்றால் இந்த வேலையையே செய்யாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். அங்கே கயிற்றை அவிழ்ப்பதும் ஏணி சாய்ப்பதும் போகிறவர் வருகிறவர் தலைமேல் செய்கிற வேலை. கட்டியவர்களையே அழைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

தம்பி தவறவிட்டது

10.20க்குத் தம்பி ஏணியைத் திருப்பிக் கொடுக்க வாசல் பக்கம் போனான். அங்கே 3 அடிக்கு 4 அடியில் வரவேற்புப் பேனர், ஸ்டாண்டில். அதுவும் எங்கள் கடையில், அதே கோப்பிலிருந்து அடித்தது. அதிலும் சண்முகவல்லி, 2 அங்குல எழுத்தில். காலையில் அவன் மண்டபத்துக்குள் பக்கவாட்டு வாசல் வழியாக வந்திருந்தான்.

கையில் மிச்சம் இருந்த பிரதி இதற்குப் பொருந்தாது. அடித்து வர நேரமும் இல்லை. டீச்சரின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டதாக யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம்பி பேனரை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு சமையல் கூடத்துப் பக்கம் போய்விட்டான். வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்திருந்த மேசையைச் சற்று நகர்த்தி அந்த இடத்தில் வைத்தான். வரவேற்புப் பேனர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. டீச்சர் உள்ளே வந்து, மேடையைப் பார்த்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் பேச ஆரம்பித்தார்.

எடுத்துவிடுவதும் ஒரு வழி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு மணி நேரமாக வாசல் வழியே வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைப் படித்திருப்பார்கள். அதனால் முதல் ஐந்து நிமிடப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு பெயர் எத்தனை இடத்தில் அச்சாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். மேடை, வாசல், மேசை முன் தொங்கும் சிறு பேனர், நினைவுப் பரிசு, வாழ்த்துமடல், சாப்பாட்டுக் கூடம், மண்டபத்து எல்.இ.டி. திரை, காலையில் எல்லோருக்கும் அனுப்பிய வாட்ஸ்அப் படம். கடையின் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 9.26க்கு வந்த போனில் அதை நான்தான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பையில் வைத்துக்கொள்ள

பேனர் கட்டப் போகும்போதும் பார்க்கப் போகும்போதும் எங்கள் ஆட்கள் இப்போது ஒரு சிறு பை எடுத்துப் போகிறார்கள். அளவு நாடா, கட்டர் பிளேடு, செல்லோ டேப், இருபக்க டேப், பருத்தித் துணி, பழைய ஏ.டி.எம். அட்டை, குண்டூசி, கயிறு. கூடவே அந்த வேலையின் பின்னணி நிறத்தில் அச்சடித்த வெற்று வினைல், அரை அடி. பேனர் அடிக்கும் அன்றே அதையும் சேர்த்து அடித்துவிடுகிறோம். புள்ளியை மறைக்கவோ, கிழிசலை ஒட்டவோ அடிக்கடி கை கொடுக்கிறது.

மறுநாள்

1. தவறான கோப்பை அழிக்கவும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே குடும்பத்து விசேஷத்துக்கு அதே கோப்பிலிருந்து அதே பெயர் மறுபடி வரும்.

2. வாசல் பேனரைச் சரியான பெயரோடு அடித்துக் கொடுக்கவும். விழா முடிந்துவிட்டது என்று விடாதீர்கள். டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்பார்கள்.

3. ஒட்டியதற்குப் பணம் வாங்கவேண்டாம்.

4. ஒட்டை நேரில் போய்ப் பார்க்கவும். நாங்கள் பேனரைக் கழற்றப் போனபோது பட்டையின் வலது கீழ் மூலை அரை அங்குலம் எழும்பி நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பசைமேல் மெல்லிய தூசிப் படலம். தம்பி துடைக்கும்போது ஏணியிலிருந்து அந்த மூலை கைக்கு எட்டவில்லை. ஏணியை ஓர் அடி நகர்த்தியிருந்தால் எட்டியிருக்கும்.